நேர்கோடா, குறைந்துசெல் மதிப்பா: தேர்வில் எந்தத் தேய்மானக் கணக்கை எடுப்பது?

பதினொன்றாம் வகுப்பு அக்கவுன்டன்சி தாளில் தேய்மானக் கணக்கு பல சமயம் 'இது அல்லது அது' என்று இரண்டாக வரும். ஒன்று நேர்கோட்டு முறை, மற்றது குறைந்துசெல் மதிப்பு முறை. தில்லியில் ஆர்.கே.புரத்திலும் கரோல் பாக்கிலும் என்னிடம் டியூஷனுக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளில் நிறையப் பேர் கேள்வியை முழுதாகப் படிக்காமலேயே நேர்கோட்டில் கை வைத்துவிடுவார்கள். "அதுதான் ஈஸி, மிஸ். வருஷா வருஷம் ஒரே நம்பர்தானே" என்பார்கள்.

ஒரே எண் என்பது சரி. ஆனால் அதை மட்டும் பார்த்து எடுத்தால், பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய கணக்கில் இருபது நிமிடம் சிக்கிக்கொள்ள நேரும். இந்த முறை எளிது, அந்த முறை கடினம் என்று பொதுவாகச் சொல்லவே முடியாது. கேள்வி நம் கையில் எந்தத் தொகையைக் கொடுக்கிறது, நடுவில் ஏதாவது விற்கிறார்களா என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே கணக்கை இரண்டு முறையிலும் போட்டுப் பார்ப்போம், அது தெளிவாகத் தெரியும்.

ஓக்லாவில் ஓர் அச்சகம் என்று வைத்துக்கொள்வோம். 2021 ஜூலை 1 அன்று 1,80,000 ரூபாய்க்கு ஓர் இயந்திரம் வாங்குகிறார்கள். லாரி வாடகையும் நிறுவும் கூலியும் சேர்ந்து 20,000. 2022 அக்டோபர் 1 அன்று 1,00,000க்கு இரண்டாவது இயந்திரம் வருகிறது. 2023 செப்டம்பர் 30 அன்று முதல் இயந்திரத்தை 1,56,000க்கு விற்றுவிடுகிறார்கள். தேய்மானம் ஆண்டுக்கு 10%. கணக்காண்டு மார்ச் 31ல் முடிகிறது.

முதல் படி இரண்டு முறைக்கும் ஒன்றுதான். நிறுவும் செலவும் அடக்க விலையில் சேரும், ஆகவே முதல் இயந்திரம் 2,00,000. இதில் 20,000ஐ விட்டுவிட்டால் எந்த முறையை எடுத்தாலும் கடைசி வரி வரை தப்புதான். முதல் ஆண்டுத் தேய்மானமும் இரண்டு முறையிலும் ஒன்றே. ஜூலை முதல் மார்ச் வரை 9 மாதம், எனவே 2,00,000 × 10/100 × 9/12 = 15,000.

பாதை பிரிவது இரண்டாம் ஆண்டில். நேர்கோட்டில் மறுபடியும் 2,00,000க்கே போய் அதில் 10% எடுக்கிறோம். குறைந்துசெல் முறையில் 15,000 போக மீதியுள்ள 1,85,000ல் 10% எடுக்கிறோம். மூன்றாம் ஆண்டில் விற்கும் நாள் வரை ஏப்ரல் முதல் செப்டம்பர், ஆக 6 மாதம் மட்டும். முதல் இயந்திரத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி வரும்:

| | நேர்கோடு | குறைந்துசெல் |
|---|---|---|
| அடக்க விலை | 2,00,000 | 2,00,000 |
| 2021-22 தேய்மானம் (9 மாதம்) | 15,000 | 15,000 |
| 2022-23 தேய்மானம் | 20,000 | 18,500 |
| 2023-24 தேய்மானம் (6 மாதம்) | 10,000 | 8,325 |
| விற்கும் நாளில் ஏட்டு மதிப்பு | 1,55,000 | 1,58,175 |
| விற்ற விலை | 1,56,000 | 1,56,000 |
| முடிவு | லாபம் 1,000 | நட்டம் 2,175 |

கடைசி வரியைப் பாருங்கள். அதே இயந்திரம், அதே விலை, அதே நாள். ஒரு முறையில் லாபம், இன்னொன்றில் நட்டம். இதைக் கண்டதும் பிள்ளைகள் பதறிப்போய் இரண்டில் ஒன்று தப்பு என்று அழித்துவிடுவார்கள். எதுவும் தப்பில்லை. இயந்திரத்தால் அச்சகத்துக்கு மொத்தமாக ஆன செலவு 2,00,000 கழித்தல் 1,56,000, அதாவது 44,000. நேர்கோட்டில் தேய்மானம் 45,000, அதில் லாபம் 1,000 போக 44,000. குறைந்துசெல் முறையில் தேய்மானம் 41,825, அதோடு நட்டம் 2,175 சேர்ந்தால் அதே 44,000. முறை மாறினால் எந்த ஆண்டில் எவ்வளவு என்பதுதான் மாறும், மொத்தம் மாறாது.

இரண்டாவது இயந்திரத்தில் சிக்கல் இல்லை. முதலில் ஆறு மாதத்துக்கு 5,000. அடுத்த முழு ஆண்டுக்கு நேர்கோட்டில் 10,000, குறைந்துசெல்லில் 95,000க்கு 9,500. 2024 மார்ச் 31ல் இருப்பு முறையே 85,000, 85,500.

மேலே பார்த்த 44,000 கூட்டலை விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்க்கச் சொல்வேன். அரை நிமிட வேலை, கழித்தல் பிழை ஏதும் இருந்தால் உடனே காட்டிவிடும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மாதத்தைத் தப்பாக எண்ணியிருந்தாலோ விகிதத்தைத் தப்பாக எடுத்திருந்தாலோ இந்தக் கூட்டல் அதைக் காட்டாது. லாப நட்டமே அந்தத் தப்பான தேய்மானத்திலிருந்து வருவதால் மொத்தம் எப்படியும் 44,000க்கு வந்து நின்றுவிடும்.

சரி, அப்படி ஒரு மாதப் பிழை நேர்ந்துவிட்டது என்றே வைப்போம். முதல் ஆண்டில் 9/12 போட மறந்து முழு 20,000 எழுதிவிட்டாள் ஒரு பெண். நேர்கோட்டில் என்ன ஆகும்? முதல் ஆண்டுத் தொகை தப்பு, கடைசி லாபம் 1,000க்குப் பதில் 6,000 ஆகிவிடும். ஆனால் இரண்டாம் ஆண்டின் 20,000மும் மூன்றாம் ஆண்டின் 10,000மும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அவை முதல் ஆண்டை நம்பி நிற்கவில்லை. குறைந்துசெல் முறையில் அதே பிழை நடந்தால் இருப்பு 1,80,000, அடுத்த தேய்மானம் 18,000, அதற்கடுத்தது 8,100, ஏட்டு மதிப்பு 1,53,900 என்று வரிசையாக எல்லாமே கெடும். முடிவில் 2,175 நட்டம் வர வேண்டிய இடத்தில் 2,100 லாபம் வந்து நிற்கும். திருத்தும் ஆசிரியர் படி மதிப்பெண் கொடுக்கும் ஆளாக இருந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். அதை நம்பிக் கேள்வியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆகவே பல தேதிகளில் வாங்கி, நடுவில் விற்று, மாதக் கணக்கு நிறைய வரும் கேள்வி என்றால் என் ஓட்டு நேர்கோட்டுக்குத்தான். அங்கே ஒரு தப்பு ஓர் இடத்தோடு நிற்கிறது. திரும்பிச் சரிபார்க்கவும் எந்த ஆண்டை வேண்டுமானாலும் தனியாக எடுத்துப் பார்க்கலாம்.

இவ்வளவு கேட்டதும் "அப்போ எப்பவும் நேர்கோடே எடுக்கலாமே, மிஸ்" என்பார்கள். கூடாது. இன்னொரு வகைக் கேள்வி இருக்கிறது. அது வாங்கிய விலையைச் சொல்லாமல் இருப்பிலிருந்து தொடங்கும். '2022 ஏப்ரல் 1 அன்று இயந்திரக் கணக்கில் இருப்பு இவ்வளவு, 2020 ஏப்ரல் 1ல் வாங்கியது, 10% தேய்மானம், அடுத்த இரண்டு ஆண்டுக்குக் கணக்கு எழுதுக' என்று கேட்பார்கள். முறை குறைந்துசெல் என்று போட்டு, இருப்பு 1,62,000 என்று கொடுத்திருந்தால் எழுத வேண்டியது இரண்டே வரி. 16,200 கழித்தால் 1,45,800, அதில் 14,580 கழித்தால் 1,31,220. பழைய கதை எதுவும் வேண்டாம், இருப்புதான் அடித்தளம்.

இதே கேள்வி நேர்கோட்டில் வந்து, இருப்பு 1,60,000 என்று இருந்தால் கதை வேறு. இங்கே 10% என்பது அடக்க விலையில் 10%. அந்த விலையைக் கேள்வி சொல்லவில்லை, நாம்தான் பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு ஆண்டில் 20% போய்விட்டது, எனவே 1,60,000 என்பது 80%, அப்படியானால் விலை 2,00,000, தேய்மானம் 20,000. இது தெரியாமல் 1,60,000க்கு 10% என்று 16,000 போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நேர்கோடு எளிது என்று நம்பி எடுத்த பிள்ளைகள்தான் இதில் விழுகிறார்கள், ஏனென்றால் கண்ணெதிரே இருக்கும் ஒரே தொகை அந்த 1,60,000தான்.

அதற்குள் விற்பனையும் நுழைந்துவிட்டால் மறுபடி நிலைமை மாறும். மேலே சொன்ன 1,62,000 இருப்புக்குள் 2020 ஏப்ரல் 1ல் 50,000க்கு வாங்கிய ஒரு துண்டு இருக்கிறது, அதை 2022 அக்டோபர் 1ல் விற்கிறார்கள் என்று கொள்வோம். குறைந்துசெல் முறையில் அந்த 50,000ஐத் தனியாகப் பிரித்து, 45,000, 40,500 என்று ஆண்டாண்டாக இறக்கி, அரை ஆண்டுக்கு 2,025 கழித்து 38,475க்கு வர வேண்டும். அப்புறம் 1,62,000ல் 40,500 போக மீதி 1,21,500க்குத் தனியாக 12,150. நேர்கோட்டில் அந்தத் துண்டுக்கு ஒரே பெருக்கல் போதும்: ஆண்டுக்கு 5,000 வீதம் இரண்டரை ஆண்டுக்கு 12,500, ஏட்டு மதிப்பு 37,500. ஆண்டு கூடக் கூட இந்த வித்தியாசம் பெரிதாகும். ஐந்து ஆண்டு பழைய இயந்திரத்தை விற்றால் குறைந்துசெல்லில் ஐந்து படி, நேர்கோட்டில் அப்போதும் ஒரு படிதான்.

ஆகக் கேள்வியைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்வேன். கொடுத்த தொகை வாங்கிய விலையா, இருப்பா? எதையாவது விற்கிறார்களா? விலை கொடுத்து விற்பனையும் இருந்தால் நேர்கோடு. இருப்பு கொடுத்து விற்பனை இல்லாவிட்டால் குறைந்துசெல். நடுத்தரமாக வந்தால் விகிதத்தைப் பார்க்கலாம்.

விகிதம் எதற்கு? பள்ளித் தேர்வு அறையில் கால்குலேட்டரை நம்ப முடியாது. 2,00,000க்குக் குறைந்துசெல் முறையில் 20% என்றால் 40,000, 32,000, 25,600, 20,480, 16,384 என்று ஐந்து ஆண்டுக்கும் முழு எண்ணாகவே போகும். 10% இன்னும் சுலபம். 15% வந்தால் 30,000, 25,500, 21,675, நான்காம் ஆண்டில் 18,423.75 என்று பைசாவுக்குள் போய்விடும். நேர்கோட்டில் 15% ஆனாலும் எல்லா ஆண்டும் 30,000தான். ஆகவே 15% விகிதத்தில் நான்கைந்து ஆண்டு கேட்டிருந்தால் குறைந்துசெல் பக்கம் போக நான் சொல்ல மாட்டேன். போகத்தான் வேண்டும் என்றால் எந்த ரூபாய்க்கு முழுமையாக்குகிறோம் என்பதை முதலிலேயே ஒரு வரி எழுதிவிட்டு, கடைசி வரை அதே மாதிரி செய்ய வேண்டும்.

இறுதி மதிப்பு, அதாவது ஸ்கிராப், கொடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2,00,000 இயந்திரம், ஆயுள் 9 ஆண்டு, இறுதி மதிப்பு 20,000 என்றால் நேர்கோட்டில் 1,80,000ஐ 9ஆல் வகுத்து ஆண்டுக்கு 20,000. அது விலையில் சரியாக 10%. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேள்வியில் 'அடக்க விலையில் 10%' என்று விகிதத்தையே கொடுத்துவிட்டால் இறுதி மதிப்பை மறுபடி கழிக்கக் கூடாது, விகிதத்துக்குள் அது ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. கழித்துவிட்டு 18,000 என்று எழுதுகிறவர்கள் உண்டு. குறைந்துசெல் முறையிலும் அப்படித்தான், இறுதி மதிப்பைக் கழிக்கவே கூடாது.

இதோடு சேர்த்து ஒன்று. ஒரு மாணவி கேட்டாள்: "ரெண்டுமே பத்து பர்சென்ட்தானே மிஸ், அப்போ ரெண்டும் இயந்திரத்தை ஒரே வேகத்துல தேய்க்கணும் இல்லையா?" நல்ல கேள்வி. அதே இயந்திரத்தைக் குறைந்துசெல் முறையில் 10% வீதம் 9 முழு ஆண்டு இறக்கினால் மீதி 77,484 நிற்கும், 20,000 அல்ல. 9 ஆண்டில் 20,000க்கு இறக்க வேண்டுமானால் விகிதம் கிட்டத்தட்ட 22.6% ஆக வேண்டும். அதற்கு ஒன்பதாம் மூலம் எடுக்க வேண்டும், அதனால்தான் பள்ளித் தேர்வில் குறைந்துசெல் முறைக்கு விகிதத்தைக் கொடுத்தே கேட்கிறார்கள். ஆயுளும் இறுதி மதிப்பும் மட்டும் கொடுத்து விகிதம் கொடுக்காத கேள்வி என்றால் அது நேர்கோடு என்று துணிந்து முடிவு செய்யலாம்.

முறையின் பெயரே இல்லாமல் விகிதம் மட்டும் வந்தால், கேள்வியின் சொற்களில் துப்பு இருக்கும். 'ஒரிஜினல் காஸ்ட்', 'ஃபிக்ஸட் இன்ஸ்டால்மென்ட்' என்றால் நேர்கோடு. 'ரிட்டன் டவுன்', 'ரெடியூசிங்', 'டிமினிஷிங்' என்றால் குறைந்துசெல். எதுவும் இல்லையென்றால் நேர்கோடு என்று எடுத்துக்கொண்டு, அப்படி எடுத்திருப்பதை விடையின் முதல் வரியில் எழுதிவிடுங்கள்.

தேய்மானத்தை நேராக இயந்திரக் கணக்கிலேயே கழிக்காமல், தேய்மான ஒதுக்குக் கணக்கு என்று தனியாகச் சேர்த்து வைக்கச் சொல்லும் கேள்வி குறைந்துசெல் முறையில் வந்தால் கூடுதல் கவனம் தேவை. இந்த வடிவத்தில் இயந்திரக் கணக்கு எப்போதும் முழு விலையையே காட்டிக்கொண்டிருக்கும். நேர்கோட்டுக்கு இது வசதி, வேண்டிய அடக்க விலை அங்கேயே இருக்கிறது. குறைந்துசெல்லில் அதுவே பொறி. இயந்திரக் கணக்கின் 2,00,000ஐப் பார்த்து இரண்டாம் ஆண்டும் 20,000 எழுதத் தோன்றும். அதில் ஒதுக்குக் கணக்கின் 15,000ஐக் கழித்து 1,85,000 வந்த பிறகுதான் 10% எடுக்க வேண்டும். விற்கும்போதும் இயந்திரத்தின் 2,00,000ஐயும், அதற்காகச் சேர்ந்த 41,825ஐயும் இரண்டையுமே விற்பனைக் கணக்குக்கு மாற்ற வேண்டும். ஒதுக்கை மாற்ற மறந்தால் நட்டம் 2,175க்குப் பதில் 44,000 என்று பூதாகரமாக வரும். அப்படி ஓர் எண் வந்தாலே எங்கே விட்டோம் என்று தெரிந்துவிடும்.

வீட்டில் அப்பாவோ மாமாவோ வருமான வரி வேலை பார்ப்பவர் என்றால் இன்னொரு குழப்பம் உள்ளே வரும். வருமான வரியில் பொதுவான இயந்திரங்களுக்குக் குறைந்துசெல் முறையில் 15%, அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி. அது வரிக்கான விதி. அக்கவுன்டன்சி தாளில் மாதத்தை எண்ணித்தான் கணக்குப் போட வேண்டும், பாதி என்ற குறுக்குவழி அங்கே செல்லாது.

சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதப் போகிறவர்களுக்கு இரண்டு முறையும் ஒரே கேள்வியில் வரும், நடுவில் முறையை மாற்றுவார்கள். இதில் பழைய வினாத்தாள் விடைகளைப் பார்த்துப் பழகுவது ஆபத்து. முன்பு ஏ.எஸ். 6 என்ற கணக்கியல் தரநிலை இருந்த காலத்தில், வாங்கிய நாளிலிருந்தே புதிய முறையில் திரும்பக் கணக்குப் போட்டு வித்தியாசத்தை லாப நட்டக் கணக்கில் எழுதினார்கள். 2016ல் வந்த திருத்திய ஏ.எஸ். 10 அதை மாற்றிவிட்டது. முறை மாற்றம் என்பது இப்போது மதிப்பீட்டு மாற்றம், மாற்றிய நாளிலிருந்து முன்னோக்கி மட்டும்தான் போக வேண்டும்.

நம் அச்சகம் முதல் இயந்திரத்தை விற்காமல், 2023 ஏப்ரல் 1ல் குறைந்துசெல்லிலிருந்து நேர்கோட்டுக்கு மாறியிருந்தால், பழைய வழியில் இரண்டு ஆண்டுத் தேய்மானம் 35,000க்கும் 33,500க்கும் உள்ள 1,500ஐ அந்த ஆண்டே கூடுதலாக எழுதியிருப்பார்கள். இப்போது அந்த 1,500க்கு விடையில் இடமே இல்லை. அன்றைய ஏட்டு மதிப்பு 1,66,500ஐ எடுத்து, மீதி ஆயுள் 5 ஆண்டு, இறுதி மதிப்பு 16,500 என்று கொடுத்திருந்தால், ஆண்டுக்கு 30,000 என்று நேராக எழுதிவிட வேண்டியதுதான்.